இரங்கல் மடலில் சொல்தேர்வு: உடன்பணியாளருக்கு எழுதும் மடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இறப்பு நேர்ந்த வீட்டிலிருக்கும் உடன்பணியாளருக்கு எழுதப்படும் மடல், உறவினர் எழுதும் மடலிலிருந்தும் நிறுவனம் விடுக்கும் இரங்கல் செய்தியிலிருந்தும் வேறானது. எழுதுபவர் இறந்தவரைப் பெரும்பாலும் நேரில் அறியாதவர்; ஆனால் துயருற்றவரை நாள்தோறும் காண்பவர். இந்நிலையில் வழக்கத் தொடர்களே கைக்கு முதலில் வருகின்றன. அத்தொடர்களின் சொற்பொருளையும் தொடரமைப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியக் காஞ்சித்திணையின் கையறுநிலையை ஒப்புநோக்கி, மாதிரி மடலொன்று வரைவிலிருந்து திருத்தம் பெறும் முறையை வரிவரியாகக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இரங்கல், கையறுநிலை, மங்கல வழக்கு, சொல்தேர்வு, மடல் இலக்கியம்

முன்னுரை

தமிழில் மடல் எழுதும் முறை பள்ளிப் பாடத்திலேயே கற்பிக்கப்படுகிறது. விண்ணப்பம், வாழ்த்து மடல், உறவுமுறை மடல் ஆகியவற்றுக்கு வாய்பாடுகள் உண்டு. இரங்கல் மடலுக்கென்று மரபு வகுத்தவை பெரும்பாலும் விலக்குகளே. பிள்ளையார் சுழி இடுவதில்லை. மூலைகளில் மஞ்சள் தடவுவதில்லை. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவதில்லை. சாவுச் செய்தி தாங்கிவந்த அஞ்சலட்டையை வீட்டுக்குள் வைத்திராமல் படித்தவுடன் கிழித்துவிடும் வழக்கமும் இருந்தது. எதை எழுதக்கூடாது என்பதை இவ்வளவு கருத்தோடு வரையறுத்த மரபு, எதை எழுதுவது என்பதைத் துக்கம் கேட்கச் செல்லும் நேர்வருகைக்கே விட்டுவைத்தது. நேரில் செல்பவர் பேச வேண்டியதில்லை. கையைப் பற்றலாம், அருகில் அமரலாம், அழலாம். மடலுக்கு அந்த வாய்ப்பில்லை. அதற்குச் சொல் ஒன்றே கருவி.

அந்த வெற்றிடத்தை வேறிடங்களிலிருந்து வந்த தொடர்கள் நிரப்பின. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்ற தந்தி, சுருங்கிய இரங்கல் வாய்பாடுகளைப் பழக்கியது. நாளிதழ் இரங்கற் குறிப்பும் மன்றத் தீர்மானமும் சுவரொட்டியும் ‘ஆழ்ந்த’, ‘ஆற்றொணா’, ‘ஈடுசெய்ய இயலாத’ என்னும் அடைகளை நிலைபெறச் செய்தன. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. தந்தித் தமிழ் நிற்கவில்லை. கட்டணமே இல்லாத இடத்திலும் மக்கள் இன்று நான்கு சொல்லில்தான் இரங்குகிறார்கள்.

வழக்கத் தொடர்களின் அமைப்பு

‘என் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். இத்தொடரின் பயனிலை இரங்குதல் அன்று, தெரிவித்தல். இரங்கல் என்னும் உணர்வு பெயராக்கப்பட்டு, இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்று, ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்கும் பொருளாகிவிடுகிறது. ‘கொள்’ என்னும் துணைவினை அச்செயலை முறைப்படியான அறிவிப்பாக்குகிறது. நன்றி, வாழ்த்து, கண்டனம் ஆகிய மூன்றையும் தமிழ் மேடை இதே சட்டத்தில்தான் வைத்துப் பேசுகிறது. இரங்கலின் இடத்தில் கண்டனத்தை வைத்தாலும் தொடர் பழுதின்றி நிற்கும்.

தமிழில் உணர்வு இயல்பாக வெளிப்படும் தொடரமைப்பு இதுவன்று. ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’, ‘எனக்கு மனம் கனத்தது’, ‘அவருக்கு அழுகை வந்தது’ என்று உணர்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்பார். உணர்வு அவரிடம் வந்து சேர்கிறதே அன்றி, அவர் அதை ஆள்வதில்லை. வழக்கத் தொடரோ உணர்பவரை எழுவாயாக்கி, துயரத்தை அவர் கையில் கொடுத்துவிடுகிறது. படிப்பவருக்கு அது பொய்யாகத் தோன்றுவதில்லை, அலுவலகமாகத் தோன்றுகிறது. ‘இரங்கல்கள்’, ‘அனுதாபங்கள்’ எனப் பன்மை ஈறு சேர்ந்த வடிவங்கள் ‘வாழ்த்துகள்’ என்பதன் ஒப்புமையால் அண்மையில் பெருகியவை. வாழ்த்தைப் பலமுறை கூறலாம். இரங்கலை எண்ணுவதற்கு என்ன அளவை உண்டு என்பது அவ்வடிவங்களைக் கையாள்வோர் எண்ணிப் பார்க்க வேண்டியது.

சொற்பொருள் நிலையிலும் சில சொற்கள் இடம் பெயர்ந்துள்ளன. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல், பிரிவுற்றவள் தானே வருந்துவது. இன்றைய ‘இரக்கம்’ மேலிருப்பவர் கீழிருப்பவர்மீது கொள்வது. இரங்கல் என்னும் சொல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அனுதாபம் இன்னும் தொலைவு சென்றுவிட்டது. வடமொழியில் அச்சொல் செய்த தவற்றுக்கு வருந்துதலைக் குறிக்கும். தமிழில் பிறர் துயருக்கு வருந்துதல் ஆயிற்று. ‘அனுதாப ஓட்டு’ என்னும் தேர்தல் வழக்குக்குப் பின் அதில் ஒரு பரிதாபச் சாயலும் ஏறிக்கொண்டது. உடன்பணியாளருக்கு எழுதும்போது இச்சாயல் உறுத்தும். அவர் நாளை மீண்டும் அதே அறையில் சமநிலையில் அமர வேண்டியவர்.

‘அன்னார்’ என்னும் சொல் இன்னும் நுட்பமாகத் தவறுகிறது. ‘அன்ன’ என்பதன் அடியாகப் பிறந்து ‘அத்தகையவர்’ என்று பொருள்படும் இச்சொல், அலுவல் தமிழில் ‘மேற்படியார்’ என்னும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மகன் ‘அம்மா’ என்று அழைத்த ஒருவரை மடல் நான்கு இடங்களில் ‘அன்னார்’ என்று சுட்டினால், மதிப்பு கூடுவதில்லை. அவர் யாரோ ஒருவராகிவிடுகிறார்.

இறப்பைச் சுட்டும் வினை

மடலின் முதல் வரியிலேயே எழுதுபவர் ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தாக வேண்டும். நன்னூல் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக மங்கலத்தைக் கூறுகிறது. செத்தாரைத் ‘துஞ்சினார்’ என்பதும் சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதும் அதற்கு மரபாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். மங்கலச் சொல் நிலைத்து நிற்பதில்லை என்பதற்கு ‘இறந்தார்’ என்பதே சான்று. ‘இற’ என்னும் அடிக்குக் கடத்தல் என்பது பொருள். இறந்தகாலம் என்பதில் அப்பொருள் இன்றும் உள்ளது. கடந்துசென்றார் என மென்மையாகச் சொல்ல வந்த சொல் காலப்போக்கில் நேர்ச்சொல்லாகி, அதற்கும் மேலே ஒரு போர்வை தேவைப்பட்டது. காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் ஆகியவை அவ்வாறு வந்தவை.

இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவபதம் அடைந்தார்’, ‘கர்த்தருக்குள் நித்திரையானார்’ ஆகியவை ஒவ்வொரு நம்பிக்கையைச் சார்ந்தவை. ‘இயற்கை எய்தினார்’ என்பதில் கடவுள் மறுப்பாளர் சார்பு தோன்றும். ‘மறைந்தார்’ பொதுவாழ்வில் விளங்கியவருக்குப் பொருந்தும். வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து முடித்த ஒரு தாய்க்கு அது செய்தித்தாள் தலைப்பாகத் தொனிக்கும். எழுதுபவர் தம் நம்பிக்கையைத் துயருற்றவர் வீட்டுக்குள் கொண்டுசெல்வதும், அவ்வீட்டார் நம்பிக்கையை ஊகித்து எழுதுவதும் ஒரே அளவு இடர் உடையவை. ‘ஆன்மா சாந்தியடைய’ என்னும் தொடருக்கும் இது பொருந்தும். எழுதுபவரும் பெறுபவரும் ஒரே வழிபாட்டுக்கு உரியவர்களாய், அதை இருவரும் அறிந்திருந்தால் அச்சொற்கள் வெறும் வாய்பாடு ஆகா. அங்கே அவை வேண்டுதலே. அந்த அறிவு இல்லாதபோது வீட்டார் தங்கள் வாயால் சொல்லிய வினையை ஏற்பதே பாதுகாப்பானது. பேச்சுத் தமிழில் பரவலாக உள்ள ‘தவறிவிட்டார்கள்’ என்பதை எழுத்தில் ஏற்கத் தமிழாசிரியர்கள் தயங்குவதுண்டு. அத்தயக்கத்துக்கு இலக்கணக் காரணம் எதுவும் இல்லை.

நிலையாமையும் கையறுநிலையும்

தமிழ் கற்றோர் எழுதும் இரங்கல் மடல்களுக்கே உரிய குறை ஒன்றுண்டு. நிலையாமை பற்றிய ஒரு குறளோ புறநானூற்றடியோ எழுதாமல் அவை முடிவதில்லை. இறப்பு என்றதும் இலக்கியம் அதைத்தான் தருகிறது என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. ஆனால் தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் நிலையாமை உரைக்கும் துறைகளோடு கையறுநிலையையும் வைத்துள்ளது. கூற்றின் ஆற்றலை எடுத்துரைப்பதும், மூத்தோர் இளையோர்க்கு நிலையாமையை அறிவுறுத்துவதும் ஒருவகைப் பேச்சு. அங்கே சொல்பவர் அறிந்தவர், கேட்பவர் அறியாதவர். மாண்டோரைக் குறித்து எஞ்சியோர் புலம்பும் கையறுநிலை வேறுவகைப் பேச்சு. அங்கே சொல்பவருக்குச் செய்வதற்கோ கற்பிப்பதற்கோ எதுவும் இல்லை. துறையின் பெயரே அதைத்தான் சொல்கிறது. ஒரே திணைக்குள் இருப்பதால் இவ்விரண்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரத்தக்கவை ஆகிவிடா. தாயை இழந்து மூன்றாம் நாள் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பேராசிரியருக்கு நிலையாமையைக் கற்பிப்பவர், அவர் பத்தாண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் பாடத்தை அவருக்கே நடத்துகிறார்.

கையறுநிலைப் பாடல்கள் எதனால் ஆனவை என்று பார்த்தால் வேறு வழி புலப்படுகிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டு (புறநானூறு 235) அவன் வீரத்தைப் புகழ்ந்து தொடங்கவில்லை. சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தாங்கள் பாடத் தானும் உடனிருந்து உண்பான் என்று நாள்தோறும் நடந்த சிறு செயல்களில் தொடங்குகிறது. புலவு நாறும் தம் தலையை அவன் மணக்கும் கையால் தடவிக்கொடுத்ததைச் சொல்கிறது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது (புறநானூறு 242) இன்னும் ஒதுங்கி நிற்கிறது. சூடுவோரும் பறிப்போரும் இல்லாத நாட்டில் முல்லை ஏன் பூக்க வேண்டும் என்று அப்பாட்டு கேட்கிறது. துயரத்தின் அளவைக் குறிக்கும் அடைமொழி ஒன்றுகூட அதற்குத் தேவைப்படவில்லை. மெய்ப்பாட்டியல் அழுகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் இழவுக்கு அடுத்து நிற்பது அசைவு. பண்டைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்று அதற்கு உரை கூறப்படும். சூடப்படாத முல்லை அந்த அசைவையே காட்டுகிறது. இழவு ஒருவருக்கு மட்டும் உரியது. அசைவைப் பக்கத்தில் இருப்பவரும் காண முடியும்.

இங்கே ஓர் எல்லையையும் குறிக்க வேண்டும். ஔவையார் இழந்தவர், உடன்பணியாளர் இழந்தவர் அல்லர். அவர் கையறுநிலையின் குரலை எடுத்துக்கொண்டால் அது மிகையாகும். எடுத்துக்கொள்ளத்தக்கது முறை மட்டுமே: தாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்வது.

வாய்பாடு என்றாலே போலி என்று கொள்வதற்கும் இடமில்லை. ஒப்பாரி முழுவதும் வாய்பாட்டால் ஆனது. முன்னரே உள்ள அடிகளும் உவமைகளும் ஊர்தோறும் வழங்குகின்றன. ஆயினும் பாடுபவள் அச்சட்டத்துக்குள் இறந்தவரின் உறவுமுறையையும் தொழிலையும் தன் நிலையையும் இட்டு நிரப்புகிறாள். அதனால் அன்றைக்கு அது வேறெந்தச் சாவுக்கும் பொருந்தாததாகிறது. இரங்கல் மடலில் குறையாவது வாய்பாடு இருப்பதன்று. அது நிரப்பப்படாமல் அனுப்பப்படுவது.

மாதிரி மடல்: முதல் வரைவு

ஆய்வின் பொருட்டுப் பின்வரும் சூழல் அமைத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு கல்லூரித் தமிழ்த்துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவரின் தாய், பக்கவாதத்தால் மூன்றாண்டு படுக்கையில் இருந்து இறக்கிறார். மகன் நாள்தோறும் மாலை நான்கு மணிக்குத் துறையிலிருந்து புறப்பட்டுச் சென்று தாயைக் கவனித்தவர். மடல் எழுதுபவர் அதே துறையின் மூத்த பேராசிரியை. அன்றாடப் பேச்சில் அவரைத் ‘தம்பி’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அழைப்பவர். இறந்தவரை ஒரே ஒருமுறை கண்டவர். முதல் வரைவு இவ்வாறு அமைகிறது:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தங்கள் அன்புத் தாயார் இறைவனடி சேர்ந்த செய்தி கேட்டு அதிர்ச்சியும் ஆற்றொணாத் துயரமும் அடைந்தேன். அன்னாரின் மறைவு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு. அன்னாரைப் பிரிந்து வாடும் தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் என் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன். நோயின் துன்பத்திலிருந்து அவர் விடுதலை பெற்றார் என்று எண்ணி ஆறுதல் கொள்ளுங்கள். காலம் காயத்தை ஆற்றும். நீங்கள்தான் குடும்பத்தைத் தேற்ற வேண்டும். ஏதேனும் உதவி தேவைப்படின் தயங்காமல் தெரிவிக்கவும்.”

பிழையற்ற தமிழ், தீய எண்ணம் எதுவும் இல்லை. இதன் குறையை இரண்டு வகையில் சோதிக்கலாம். முதலாவது, பெறுபவர் பெயரையும் உறவையும் மாற்றிப் பார்ப்பது. ‘தாயார்’ என்பதைத் ‘தந்தையார்’ என்று மாற்றினால் மடல் முழுவதும் வேறொரு வீட்டுக்கு அப்படியே செல்லும். இரண்டாவது, ஒவ்வொரு வரியையும் வீட்டுத் திண்ணையில் அவர் பக்கத்தில் அமர்ந்து வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று பார்ப்பது. ‘ஆற்றொணாத் துயரம் அடைந்தேன்’ என்று எவரும் திண்ணையில் சொல்வதில்லை.

தனித்தனியே நோக்கினால், ‘அதிர்ச்சி’ உண்மையன்று. மூன்றாண்டாக எதிர்பார்க்கப்பட்ட இறப்பு அது. துறை முழுவதும் அறிந்திருந்தது. வழக்கத் தொடர் மெய்க்கு மாறாகும் இடம் பெரும்பாலும் இதுவே. பழகிய சொல் தான் வரும் இடத்தின் உண்மையைப் பார்ப்பதில்லை. ‘விடுதலை பெற்றார்’ என்பது இன்னும் கவனத்துக்குரியது. அக்கருத்து மகனின் மனத்திலும் இருக்கக்கூடும். இருந்தால் அதைக் குற்ற உணர்வோடுதான் வைத்திருப்பார். அவர் சொல்லும் முன் மற்றவர் சொன்னால், தாயின் சாவு அவருக்கும் ஒரு சுமைநீக்கம் என்று குறிப்பதாக முடியும். அவர் முதலில் சொன்னால் ஆமென்று கேட்டுக்கொள்ளலாம். எழுதித் தருவதற்குரிய கருத்து அன்று.

‘நீங்கள்தான் குடும்பத்தைத் தேற்ற வேண்டும்’ என்பது ஆண்மகன் ஒவ்வொருவருக்கும் தவறாமல் எழுதப்படுவது. துயருற்றவருக்கு ஆறுதல் தர வந்த மடல் அவருக்கு ஒரு வேலையைத் தந்துவிட்டுப் போகிறது. கடைசி வரியும் அத்தகையதே. எந்த உதவி, யாரிடம், எப்போது என்று சிந்தித்துக் கேட்கும் பொறுப்பு முழுவதும் அவர்மேல் விழுகிறது. அவர் கேட்கமாட்டார் என்பது எழுதுபவருக்கும் தெரியும்.

திருத்திய மடல்

“அன்புள்ள தம்பிக்கு,

அம்மா தவறிவிட்டார்கள் என்று நேற்று மாலை துறையில் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளாக, நான்கு மணி ஆனதும் நீங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இனி அந்த நான்கு மணி உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

அம்மாவை நான் ஒருமுறைதான் பார்த்தேன். உங்கள் வாய்மொழித் தேர்வன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் பதில் சொல்லும்போது உங்களைப் பார்க்கவில்லை. புறத்தேர்வாளர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் என்னிடம், ‘பையன் சரியாச் சொன்னானா?’ என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னார் என்றேன். அதை உங்களிடம் சொன்னார்களோ என்னவோ, இப்போது நான் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு இலக்கண வகுப்பை இந்த மாதம் முடியும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுத்தியலில் நீங்கள் நிறுத்திய இடத்தை மாணவர்களிடம் கேட்டுக்கொண்டேன். அகமதிப்பீட்டுத் தாள்களையும் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அம்மாவை நினைத்தபடி,”

இதன்கீழ்க் கையொப்பம் மட்டும் வருகிறது. பட்டமோ பதவியோ இல்லை. விளியில் ‘தம்பி’ என்பது நாள்தோறும் வழங்கிவந்த சொல் என்பதால்தான் பொருந்துகிறது. துறையில் ‘சார்’ என்று அழைத்துவந்தவர் சாவு வீட்டுக்கு எழுதும்போது மட்டும் திடீரென உறவுச்சொல்லுக்கு மாறினால், நெருக்கம் அன்று, நடிப்பே தோன்றும். அவருக்கு ‘அன்புள்ள சார்’ என்றே எழுதலாம்.

முதற்பத்தியில் துயரத்தைக் குறிக்கும் சொல் ஒன்றே வருகிறது. அதுவும் ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமையோடு, ஒரு காட்சிக்குப் பின்னால் வருகிறது. காட்சி முன்னும் உணர்வு பின்னுமாக அமைந்த இம்முறையில் எழுதுபவரின் வருத்தத்துக்குக் காரணம் தெரிகிறது. முல்லை செய்த வேலையை இங்கே நான்கு மணி செய்கிறது. அதை உரக்கச் சொல்லாமல் விட்டதும் தேவையே. ‘இனி நான்கு மணிக்கு உங்களுக்கு வேலை இல்லை’ என்று எழுதியிருந்தால் அது கொடுமையாயிருக்கும்.

இரண்டாம் பத்தி, அறியாதவரைப் பற்றி அறிந்ததுபோல் எழுதும் சிக்கலைக் கடக்கிறது. ‘அன்பே உருவானவர்’, ‘பண்பின் சிகரம்’ என்று எழுத எழுதுபவருக்கு ஆதாரம் இல்லை. ஒருமுறைதான் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டபின், அந்த ஒருமுறை கண்டதை முழுமையாகச் சொல்கிறார். துயருற்றவருக்கு இத்தகைய செய்தி அரிய பொருள். தாயைப் பற்றிப் புதிதாகக் கிடைப்பதற்கு இனி எதுவும் இல்லை என்றிருக்கும் வேளையில், அவர் காணாத ஒரு கணம் பிறரிடமிருந்து வந்து சேர்கிறது. தாயின் கேள்வியைச் செந்தமிழாக்கிச் ‘செவ்வனே விடையளித்தானா’ என்று எழுதினால் அவர் குரல் போய்விடும். ஏனைய பகுதிகள் எழுத்துநடையில் இருக்க, அந்த ஒரு தொடர் மட்டும் பேச்சில் நிற்பது வழுவன்று.

இத்தகைய காட்சி ஒன்றும் இல்லாத நிலையும் நேரும். அப்போது புனைந்து எழுதுவது கூடாது. துயருற்றவரைப் பற்றிக் கண்டது ஏதேனும் கட்டாயம் இருக்கும்: அவர் தாயைப் பற்றிப் பேசிய ஒரு சொல், வீட்டிலிருந்து கொண்டுவந்து பகிர்ந்த ஊறுகாய், தொலைபேசியில் தாழ்ந்த குரல். அதுவும் இல்லையெனில் இருவரிடையே மடலுக்குரிய பழக்கமே இல்லை என்று பொருள். அங்கே ‘அம்மா இறந்த செய்தி அறிந்தேன், வருந்துகிறேன்’ என்னும் இரு சொற்றொடர் போதும். துறைத்தலைவர் நிறுவனத்தின் சார்பில் விடுக்கும் செய்தியும் வழக்கத் தொடரில் இருப்பதே முறை. எல்லோர் சார்பிலும் பேசும் ஒரு மடல் ஒருவரின் நினைவைப் பேச முடியாது. மிகையாகத் தனிப்பட்ட செய்தி அங்கே அத்துமீறலாகும். நோயின் விவரம், மருத்துவமனையில் நேர்ந்தது, கடைசி நேரம் பற்றிய வினா ஆகியவையும் அத்தகைய அத்துமீறல்களே. நெருங்கியவரும் அவற்றை எழுத்தில் கேட்பதில்லை.

மூன்றாம் பத்தியின் வினைமுற்றுகளைக் கவனிக்கலாம். ‘பார்த்துக்கொள்கிறேன்’, ‘கேட்டுக்கொண்டேன்’, ‘வாங்கி வைத்திருக்கிறேன்’ என்று அவை தன்மையில் நிற்கின்றன. நடந்துவிட்டவையோ நடக்கப்போவது உறுதியானவையோ ஆகும். முதல் வரைவில் இருந்த ‘தெரிவிக்கவும்’ என்னும் வியங்கோள் நீங்கியுள்ளது. உடன்பணியாளர் செய்யக்கூடிய உதவியின் எல்லை வகுப்பும் விடைத்தாளும்தான் என்பதால், இப்பத்தி அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. சாவு வீட்டில் இருப்பவரின் மனத்தில் பாதி முடித்த பாடமும் திருத்தாத தாளும் உறுத்திக்கொண்டிருக்கும் என்பதை உடன் பணியாற்றுபவரே அறிவார், உறவினர் அறியமாட்டார். ‘பதில் எழுத வேண்டாம்’ என்பது நன்றி கூறும் கடமையிலிருந்தும் அவரை விடுவிக்கிறது.

மடலின் காலமும் முடிப்பும்

இத்தகைய மடல் செய்தி அறிந்த ஓரிரு நாளில் செல்வது வழக்கம். ஆயினும் பல வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஆட்களும் பேச்சும் நிறைந்திருக்கும். அதன்பின் உறவினர் ஊர் திரும்பியதும்தான் வீடு வெறிச்சோடும். காலந்தாழ்த்தியதற்காகக் கூசி எழுதாமல் விட்டவர்கள், அந்த நாளில் எழுதினால் ‘முன்பே எழுதியிருக்க வேண்டும்’ என்று நீண்ட மன்னிப்போடு தொடங்க வேண்டியதில்லை. அம்மன்னிப்பு மடலின் பொருளை எழுதுபவர்மீது திருப்பிவிடும். நேரே நினைவிலிருந்து தொடங்கலாம்.

முடிப்பில் ‘இப்படிக்கு’, ‘தங்கள் உண்மையுள்ள’ என்பன அலுவல் மடலை நினைவூட்டும். ‘அன்புடன்’ பிழையன்று. சாவு வீட்டிலிருந்து எழும்போது ‘போய்வருகிறேன்’ என்று சொல்வதில்லை என்பது ஊரறிந்த வழக்கம். வந்தவர் சற்றுநேரம் இருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவார். வீட்டாரும் வழியனுப்ப எழமாட்டார்கள். திருத்திய மடலும் நலம் கேட்காமலும், மீண்டும் சந்திப்போம் என்று சொல்லாமலும், இறந்தவரின் நினைவோடு கையொப்பத்துக்குச் சென்றுவிடுகிறது.